சந்தா முடியும் முன் கேட்டுப் பெற வேண்டியவை: ஒரு தரவு மீட்பின் குறிப்பு

பண்புசார் ஆய்வு மென்பொருள் ஒன்றின் ஆண்டுச் சந்தாவை இவ்வாண்டு மார்ச் 31-ஆம் நாளோடு முடித்துக்கொண்டேன். கட்டணம் உயர்ந்தது ஒரு காரணம். துறையில் உள்ள மற்றவர்கள் வேறொரு மென்பொருளுக்கு மாறிவிட்டது இன்னொரு காரணம். நிறுவனத்தின் பெயர் இங்குத் தேவையில்லை. நான் எதிர்கொண்டவை எந்த நிறுவனத்திடமும் நேரக்கூடியவை. இணையவழி மென்பொருளில் நேர்காணல்களை வைத்துக் குறியிடும் ஆய்வு மாணவர்கள் பலர் இந்த ஆண்டு இதே முடிவில் நிற்கிறார்கள் என்பதால், நடந்தவற்றை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

என் கணக்கில் இருந்தவை: ஹைதராபாதில் கட்டுமானப் பணியில் உள்ள தமிழ்க் குடும்பங்களிடம் எடுத்த 38 நேர்காணல்களின் எழுத்துப்படிகள், அவற்றின் ஒலிப்பதிவுகள், 64 குறியீடுகள், குறியிடப்பட்ட 2,914 பகுதிகள், நூற்றுக்கும் மேற்பட்ட நினைவுக்குறிப்புகள். எழுத்துப்படிகள் என் மடிக்கணினியிலும் இருந்தன. ஆனால் எந்தச் சொற்றொடரை எந்தக் குறியீட்டின் கீழ் வைத்தேன், ஏன் வைத்தேன் என்ற மூன்றாண்டு உழைப்பு அந்தக் கணக்கில் மட்டுமே இருந்தது. ஒலிப்பதிவுகளைப் பொறுத்தவரை கவலை வேறு வகையானது. “என் பொறுப்பில் மட்டுமே இருக்கும், ஆய்வு முடிந்தபின் அழிக்கப்படும்” என்று ஒப்புதல் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். ஆகவே எனக்கு இரண்டு தேவைகள் இருந்தன. உழைப்பு முழுமையாக வெளியே வர வேண்டும். குரல்கள் அங்கே எஞ்சாமல் போக வேண்டும். முதலாவதற்குத் தரவு ஏற்றுமதி. இரண்டாவதற்கு எழுத்துவழி உறுதி.

முதலில் ஒப்பந்தத்தை எடுத்து மூன்று நாள்களைக் குறித்துக்கொண்டேன். சந்தா முடியும் நாள் மார்ச் 31. முடிவதற்கு 30 நாள்களுக்கு முன் அறிவிக்காவிட்டால் சந்தா தானே புதுப்பிக்கப்படும் என்ற விதி இருந்ததால், அறிவிப்புக்குக் கடைசி நாள் மார்ச் 1. முடிந்த பின் 30 நாள்கள் தரவு வைத்திருக்கப்பட்டுப் பின்னர் அழிக்கப்படும் என்பதால், மூன்றாவது நாள் ஏப்ரல் 30. பலரும் முதல் நாளை மட்டுமே பார்க்கிறார்கள். உண்மையில் முந்தி வருவது இரண்டாவது. மூன்றாவது நாளை நம்பி ஏற்றுமதியைத் தள்ளிப்போடுவதும் சரியன்று. அந்த 30 நாள்களில் தரவு அவர்களிடம் இருக்குமே தவிர, நாம் உள்ளே நுழைய முடியும் என்று ஒப்பந்தம் சொல்லவில்லை.

நேர மண்டலத்தையும் கவனிக்க வேண்டும். நிறுவனத்தின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடினால், மார்ச் 31 தொடங்கும் நொடி நமக்கு அன்று காலை 5.30. “மார்ச் 31-இல் முடியும்” என்பது அந்த நாளின் தொடக்கத்திலா, இறுதியிலா என்பதைப் பொறுத்து, இந்தியாவில் இருப்பவருக்கு ஒரு முழு வேலைநாள் கிடைக்கலாம் அல்லது கிடைக்காமல் போகலாம். இதை ஊகிக்க வேண்டியதில்லை, கடிதத்தில் கேட்டுவிடலாம்.

அடுத்தது வரிசை. ரத்துக் கடிதம் முதலில், ஏற்றுமதி பிறகு என்றுதான் இயல்பாகத் தோன்றும். நான் அதை மாற்றிக்கொண்டேன். சில சேவைகளில் ‘ரத்து’ என்ற பொத்தானை அழுத்தியவுடனேயே கணக்கு இலவச நிலைக்கு இறங்கிவிடும். ஏற்றுமதி வசதி அந்த நிலையில் இருப்பதில்லை. எனவே பிப்ரவரி முதல் வாரத்தில் ஏற்றுமதி செய்தேன். அதைச் சரிபார்க்கத் தொடங்கிய பிறகு 12-ஆம் நாள் கடிதம் அனுப்பினேன்.

ஏற்றுமதிக்கு இத்துறையில் ஒரு பொது வடிவம் உண்டு. ஒரு மென்பொருளில் செய்த திட்டத்தை இன்னொன்றில் திறப்பதற்காக மென்பொருள் உருவாக்குநர்கள் பலர் சேர்ந்து வகுத்த ரெஃபி-க்யூடிஏ தரநிலை அது. முழுத் திட்டத்துக்கான வடிவம் 2019-இல் வெளிவந்தது. கோப்பின் பின்னொட்டு `.qdpx`. பெயர் புதிதாக இருந்தாலும் உள்ளே அது ஒரு சாதாரண ஜிப் கோப்புதான். அதனுள் `project.qde` என்ற எக்ஸ்எம்எல் கோப்பும், மூல ஆவணங்கள் அடங்கிய ஓர் உறையும் இருக்கும். குறியீடுகள், குறியிட்ட பகுதிகள், நினைவுக்குறிப்புகள், பங்கேற்பாளர் பற்றிய மாறிகள் ஆகியவை அதில் வரும். நாம் ஓட்டிய தேடல்களும், அவற்றிலிருந்து கிடைத்த அட்டவணைகளும் வருவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகத் தனியே சேமிக்க வேண்டும். ஆய்வேட்டின் நான்காம் இயலில் உள்ள இரண்டு அட்டவணைகள் அத்தகையவை என்பதால் அவற்றை முதலிலேயே எடுத்து வைத்தேன்.

கோப்பு இறங்கிவிட்டது என்பதோடு பலர் நிறைவடைகிறார்கள். கோப்பு திறக்கிறது என்பதும் போதாது; பழைய கணக்கு உயிரோடு இருக்கும்போதே இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். நான் முதலில் எண்ணிக்கைகளை ஒப்பிட்டேன். புதிய மென்பொருளிலும் 38 ஆவணங்கள், 64 குறியீடுகள், 2,914 பகுதிகள். எண்கள் பொருந்தின. முதல் சில நேர்காணல்களின் தொடக்கப் பக்கங்களைப் பார்த்தேன். அவையும் சரியாகவே இருந்தன. இங்கேயே நிறுத்தியிருந்தால் தவற்றைக் கண்டிருக்க முடியாது.

27-ஆம் நேர்காணல் மிக நீளமானது. அதன் இறுதியில் ஒரு பெண், ஒப்பந்தக்காரர் கூலியைப் பிடித்தம் செய்த விதத்தைச் சொல்கிறார். ‘கூலி மறுப்பு’ என்ற குறியீடு அந்தச் சொற்களின் மேல் இருக்க வேண்டும். புதிய மென்பொருளில் அது அவர் சொல்வதைத் தாண்டி, நான் கேட்ட அடுத்த கேள்வியின் மேல் விழுந்திருந்தது. மேலே சென்று பார்த்தேன். முதல் பக்கத்தில் குறியீடு துல்லியமாக இருந்தது. நடுவில் ஏறத்தாழ ஒரு வரி கீழே நகர்ந்திருந்தது. இறுதியில் இரண்டு மூன்று வரிகள் நகர்ந்திருந்தது. ஆவணம் நீள நீள விலகலும் வளர்ந்தது.

காரணத்தைச் சொல்ல, அந்த எக்ஸ்எம்எல் கோப்பு ஒரு குறியிட்ட பகுதியை எப்படி நினைவில் வைக்கிறது என்பதை விளக்க வேண்டும். அது சொற்களை வைத்துக்கொள்வதில்லை. ஆவணத்தின் தொடக்கத்திலிருந்து இத்தனையாவது எழுத்தில் தொடங்கி இத்தனையாவது எழுத்தில் முடிகிறது என்று இரண்டு எண்களை மட்டும் வைத்துக்கொள்கிறது. அவற்றின் பெயர்கள் `startPosition`, `endPosition`. எனவே இரண்டு மென்பொருள்களும் எழுத்துகளை ஒரே மாதிரி எண்ண வேண்டும். அவை வேறுபடக்கூடிய இடங்கள் தமிழ் ஆவணத்தில் இரண்டு.

ஒன்று, வரிமுடிவு. விண்டோஸ் மரபில் ஒரு வரிமுடிவு இரண்டு குறிகளால் ஆனது; பிற மரபுகளில் ஒன்று. பழைய மென்பொருள் ஒவ்வொரு வரிமுடிவையும் இரண்டாக எண்ணியிருக்க, புதியது ஆவணத்தைத் திறக்கும்போது அதை ஒன்றாகச் சுருக்கினால், ஒவ்வொரு பத்திக்கும் ஓர் எழுத்து வீதம் குறியீடு கீழே நகரும். இரண்டு, ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்கள். ‘கொ’ என்பதை யுனிகோடில் ககரமும் ஒரே உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு குறிகளாகவும் எழுதலாம். ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். இறக்குமதி செய்யும் மென்பொருள் ஒரு வடிவத்தை இன்னொன்றாக மாற்றிவிட்டால் எண்ணிக்கை மாறிவிடும். ஆங்கில நேர்காணல்களோடு மட்டும் சோதித்த நிறுவனத்தின் கண்ணில் இது படவே படாது.

இரண்டில் எது என்று கண்டுபிடிப்பது கடினமன்று. 27-ஆம் நேர்காணலில் அந்தக் கடைசிப் பகுதிக்கு முன்பு 187 வரிமுடிவுகள் இருந்தன. குறியீடு நகர்ந்திருந்த தொலைவை எண்ணினேன், அதுவும் 187. ஆகவே வரிமுடிவுதான் காரணம். விலகல் வரிமுடிவுகளின் எண்ணிக்கையோடு பொருந்தாமல், ஒகரச் சொற்கள் மிகுந்த இடங்களில் கூடியிருந்தால் உயிர்க்குறிகளைச் சந்தேகித்திருப்பேன். திசையும் ஒரு தடயம்தான். இரண்டு குறிகள் ஒன்றாகச் சுருங்கினால் குறியீடு உரிய இடத்துக்குப் பின்னால் விழும். ஒன்று இரண்டாகப் பிரிந்தால் முன்னால் விழும்.

திருத்தம் சிறியது. ஜிப்பைப் பிரித்து, ஒவ்வொரு ஆவணத்துக்கும் அதன் எண்களிலிருந்து, அந்த இடத்துக்கு முன்பு வரும் இரட்டை வரிமுடிவுகளின் எண்ணிக்கையைக் கழிக்க வேண்டும்:

```
text = open(path, encoding="utf-8-sig", newline="").read()

def shift(pos):
    return pos - text[:pos].count("\r\n")
```

இதில் `newline=""` என்ற பகுதி இன்றியமையாதது. அது இல்லாவிட்டால் பைத்தான் படிக்கும்போதே வரிமுடிவுகளைச் சுருக்கிவிடும். கழிப்பதற்கு எதுவும் மிஞ்சாது. `startPosition`, `endPosition` இரண்டையும் இவ்வாறு மாற்றி, ஆவணங்களையும் ஒற்றை வரிமுடிவோடு எழுதி, மீண்டும் ஜிப் செய்து திறந்தேன். குறியீடு அந்தப் பெண்ணின் சொற்களின் மேல் வந்து அமர்ந்தது. பிறகு ஒவ்வொரு நேர்காணலிலும் கடைசிக் குறியிட்ட பகுதியை மட்டும் பழைய கணக்கோடு ஒப்பிட்டேன். விலகல் வளர்ந்துகொண்டே போகும் இயல்புடையது என்பதால், கடைசிப் பகுதி சரியென்றால் அதற்கு முந்தையவையும் சரியென்று கொள்ளலாம். 38 ஆவணங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானதாக இருந்தது.

இத்தோடு இன்னொரு காப்பையும் எடுத்தேன். குறியிட்ட பகுதிகள் அனைத்தையும், ஆவணப் பெயர், குறியீடு, மேற்கோள் சொற்கள் ஆகியவற்றோடு ஓர் அட்டவணையாக, சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொண்டேன். எண்கள் பிறழ்ந்தாலும் சொற்கள் பிறழா. எந்த மென்பொருளும் இல்லாத காலத்திலும் அதைக்கொண்டு குறியிடலை மீண்டும் கட்ட முடியும். அந்தக் கோப்பை எக்செலில் நேராகத் திறந்தால் தமிழ் சிதைந்து தெரியலாம். அது பெரும்பாலும் கோப்பின் பிழையன்று, திறக்கும் முறையின் பிழை. தரவைக் கொணரும் வசதியின் வழியே சென்று `65001: Unicode (UTF-8)` என்பதைத் தேர்ந்தால் எழுத்துகள் சரியாக வரும்.

இனிக் கடிதம். ஒப்பந்தங்களில் ‘அறிவிப்புகள்’ என்ற பிரிவு ஒன்று இருக்கும்; முறையான அறிவிப்பை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று அதில் சொல்லியிருப்பார்கள். அது பெரும்பாலும் உதவிமைய முகவரியாக இராது. நான் அந்த முகவரிக்கு அனுப்பி, உதவிமையத்துக்கு நகல் வைத்தேன். ஆங்கிலத்தில் எழுதிய கடிதத்தின் சாரம் இது:

“என் சந்தாவை நடப்புக் காலத்தின் முடிவில், அதாவது மார்ச் 31 அன்று முடித்துக்கொள்கிறேன், அதற்கு முன்பாக அன்று. இதை ஒப்பந்தப்படியான அறிவிப்பாகக் கொள்ளவும். கீழ்க்காண்பவற்றை எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டுகிறேன். ஒன்று, சந்தா புதுப்பிக்கப்படாது, மேலும் கட்டணம் எதுவும் எடுக்கப்படாது. இரண்டு, கணக்கும் ஏற்றுமதி வசதியும் எந்த நாள், எந்த மணி, எந்த நேர மண்டலம் வரை செயல்படும். மூன்று, என் கணக்கிலிருந்து நானே எடுக்க முடியாத தரவு உங்களிடம் எது உள்ளது; அதை முடிவு நாளுக்கு முன் தர இயலுமா. நான்கு, ஒலிப்பதிவுகள் உட்பட அனைத்தும் எந்த நாளில் அழிக்கப்படும். காப்புப் பிரதிகளிலிருந்து எந்த நாளில் நீங்கும்.”

‘அதற்கு முன்பாக அன்று’ என்ற சொற்கள் மிகையாகத் தோன்றலாம். அவை இல்லாவிட்டால், கடிதத்தைப் படிக்கும் ஊழியர் நன்னோக்கத்தோடு அன்றே கணக்கை மூடிவிடக்கூடும். மூடிய கணக்கில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இராது.

அனுப்பிய அதே நிமிடத்தில் ஒரு கோரிக்கை எண்ணோடு தானியங்கிப் பதில் வந்தது. அதன் மதிப்பு என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நம் நாட்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 12-இன்படி, வேறு முறை ஒன்றை அனுப்புநர் வரையறுக்காதபோது, தானியங்கியாக வரும் செய்தியும் மின்னணு ஆவணம் பெறப்பட்டதற்கான ஒப்புகையாகும். அதாவது என் கடிதம் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அது சான்று. அறிவிப்புக் கெடுவைத் தாண்டவில்லை என்று காட்ட அது உதவும். கடிதத்தில் கேட்டவற்றுக்கு அவர்கள் இசைந்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதிவிடக் கூடாது. அந்த மின்னஞ்சலை அதன் தலைப்பு விவரங்களோடு சேமித்துக்கொண்டு, மனிதர் எழுதும் பதிலுக்காகக் காத்திருந்தேன்.

நான்கு நாள்கள் கழித்து அது வந்தது: “தானியங்கிப் புதுப்பிப்பை நிறுத்திவிட்டோம். எங்கள் சேவையைப் பயன்படுத்தியதற்கு நன்றி.” கேட்ட நான்கில் ஒன்றின் பாதிக்கு மட்டுமே விடை இருந்தது. கோபப்பட ஒன்றுமில்லை, உதவிமையத்தில் இருப்பவருக்கு அதற்கென ஓர் ஆயத்த வாசகம்தான் தரப்பட்டிருக்கும். அதே மின்னஞ்சல் தொடரில், விடை வராத மூன்றையும் எண்களிட்டுத் திரும்ப எழுதினேன். புதிய மடல் எழுதாமல் அதே தொடரில் எழுதுவது முக்கியம். பின்னாளில் எவரேனும் பார்க்க நேர்ந்தால் கேள்வியும் விடையும் ஓரிடத்தில் இருக்கும். பிப்ரவரி 24 அன்று முழுமையான பதில் கிடைத்தது. கணக்கு மார்ச் 31 இரவு 11.59, உலகப் பொது நேரம் வரை செயல்படும். நமக்கு அது ஏப்ரல் 1 காலை 5.29. கணக்கின் செயல்பாட்டுப் பதிவேட்டை அவர்கள் தனியே அனுப்பினார்கள். எந்தப் பகுதி எந்த நாளில் குறியிடப்பட்டது, எப்போது மாற்றப்பட்டது என்ற விவரம் அதில் இருந்தது; அது எனக்குக் கிடைக்கும் ஏற்றுமதி எதிலும் இல்லாதது. வாய்மொழித் தேர்வில் குறியீடுகள் எப்படி உருவாயின என்று கேட்டால் காட்டுவதற்கு அதைவிடச் சிறந்த ஆதாரம் இல்லை. கேட்டதால்தான் வந்தது.

வங்கிப் பக்கம் ஒரு சொல். அட்டையில் தொடர்பற்று ஆணை கொடுத்திருந்தால், பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் அறிவிப்பு வர வேண்டும் என்பதும், ஆணையை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம் என்பதும் ரிசர்வ் வங்கியின் விதிகள். வசதியானவைதாம், ஆனால் ஆணையைத் திரும்பப் பெறுவது பணத்தை நிறுத்துமே தவிர ஒப்பந்தத்தை முடிக்காது. அறிவிப்புக் கொடுக்காமல் ஆணையை மட்டும் நீக்கியவருக்குச் சந்தா புதுப்பிக்கப்பட்டு, நிலுவைப் பற்றுச்சீட்டு வரலாம். காலத்துக்கு முன்பே நீக்கினால், பணம் வராத கணக்கு என்று உள்நுழைவே தடைபடவும் கூடும். எனவே எழுத்துவழி உறுதி கைக்கு வந்த பின்னரே ஆணையை நீக்கினேன்.

அழிப்பைப் பற்றிய பதிலில் ஒரு வரம்பு இருக்கிறது. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏப்ரல் 30 அன்று நேரடித் தரவு அழிக்கப்படும் என்றும், காப்புப் பிரதிகள் சுழற்சி முறையில் மேலும் 60 நாள்களுக்குள், அதாவது ஜூன் 29-க்குள் நீங்கும் என்றும் எழுதியிருந்தார்கள். அழிந்ததை நான் கண்ணால் பார்க்க முடியாது. அவர்களுடைய சொல்லைத்தான் ஏற்க வேண்டும். என்னால் செய்ய முடிந்தது ஒன்றுண்டு. குறியிடலை ஒப்பிட்டு முடித்தபின், முடிவு நாளுக்கு முன்பே ஒலிப்பதிவுகளை நானே கணக்கிலிருந்து நீக்கினேன். அதன் குப்பைப் பெட்டியையும் காலி செய்தேன். நிறுவனத்தின் கடிதத்தையும் நான் நீக்கிய நாளையும் சேர்த்து, பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவில் உள்ள என் கோப்பில் வைத்தேன். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டவர்களுள் எவரேனும் “என் குரல் இப்போது எங்கே இருக்கிறது” என்று கேட்டால், இரண்டு இடங்களின் பெயரையும் இரண்டு நாள்களையும் என்னால் சொல்ல முடியும்.

மொத்தத்தில் இதற்கு ஏழு வாரங்களில் அங்குமிங்குமாகச் சுமார் நான்கு வேலைநாள்கள் செலவாயின. அவற்றில் பெரும்பகுதியை ஒப்பிட்டுப் பார்த்தலே எடுத்துக்கொண்டது. உங்கள் சந்தா எப்போது முடிகிறதோ அந்த நாளிலிருந்து அறிவிப்புக் காலத்தைக் கழியுங்கள். அதிலிருந்து இன்னும் மூன்று வாரங்களைக் கழியுங்கள். அங்கே நிற்கும் நாளில், மிக நீளமான நேர்காணலைத் திறந்து, அதன் கடைசிக் குறியீட்டைப் பாருங்கள்.